கண்புரை உள்ள அப்பாவுக்கு போன் திரையை எப்படி அமைப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, மூன்று மாதம் கழித்து ஆபரேஷன். சாம்சங் போன் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் தமிழ் மெசேஜைப் படிக்க முடியவில்லை என்றார். எழுத்தை ஆகப் பெரிதாக்கி, டார்க் மோடும் போட்டுக் கொடுத்தேன். இப்போது படிக்க இன்னும் நேரமாகிறது என்கிறார். பேங்க் ஆப்பில் கீழே உள்ள பட்டனும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆகப் பெரிய அளவில் தமிழ் படிப்பது சிரமம். நம் சொற்கள் நீளமானவை. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே திரையின் ஒரு வரிக்குள் அடங்காது. பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். ஒரு வரிக்கு ஒரு சொல், அதுவும் துண்டாக வந்தால், எழுத்து தெரிந்தாலும் வாக்கியம் மனதில் சேராது. உங்கள் அப்பாவுக்கு நேரமாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, கை எட்டும் தூரத்தில் போனைப் பிடித்துக்கொள்ளட்டும். Settings உள்ளே Display, அதில் Font size and style. அளவை நடுவில் வைத்து, உண்மையாக வந்த ஒரு மெசேஜைப் படிக்கச் சொல்லுங்கள். திக்கித் திக்கிப் படித்தால் ஒரு படி கூட்டி, வேறொரு மெசேஜைக் கொடுங்கள். அதே மெசேஜைத் திரும்பக் கொடுத்தால் நினைவிலிருந்து சொல்லிவிடுவார். திக்காமல் படிக்கத் தொடங்கும் அளவு எது என்று பாருங்கள், அதற்கு மேல் ஒரு படி வைத்தால் போதும். மாலையில் கண் களைத்த பிறகும் அது தாங்கும்.

அதே பக்கத்தில் Bold font இருக்கிறது. அளவு முடிவான பிறகுதான் இதைத் தொடுங்கள். தமிழில் சுழியும் வளைவும் அதிகம். சின்ன எழுத்தைத் தடிமனாக்கினால் ண, ஞ, இ போன்றவற்றின் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபட்டுப் போகும், மங்கிய கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். எழுத்து போதிய அளவு பெரிதாக இருந்தால் தடிமன் நன்றாகவே உதவும். ஒரு தாளில் ண, ன என்று மாற்றி மாற்றி எழுதி வைப்பதை விட, போனிலேயே அந்த எழுத்துகள் உள்ள ஒரு வரியை அவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். ஓடிபி எண்களுக்கும் 3, 6, 8 மூன்றையும் கலந்து அனுப்பிப் பாருங்கள். தடிமன் போட்டபோது தடுமாற்றம் குறைகிறதா, கூடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு. புரை உள்ள கண்ணில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதுதான். வெள்ளையில் வெளிர் சாம்பலாக இருக்கும் எழுத்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் பிடிபடாது. Settings உள்ளே Accessibility, அதில் Vision enhancements, அங்கே High contrast fonts. இதைப் போட்டால் வெளிறிய எழுத்தும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, இருக்கட்டும். ஆனால் படமாக வரும் வாழ்த்து, நோட்டீஸ் போன்றவற்றில் உள்ள எழுத்தை இது மாற்றாது. அவற்றை இரண்டு விரலால் விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே Display பக்கத்தில் Eye comfort shield போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது திரையை மஞ்சளாக்கும். வயதாகிப் புரை விழுந்த லென்ஸ் ஏற்கெனவே மஞ்சளாகியிருக்கும். அதன் மேல் இன்னொரு மஞ்சள் சேர்ந்தால் வேறுபாடு இன்னும் குறையும்.

இனி டார்க் மோடு. முதியவர் என்றதும் இதைப் போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இது யாருக்குப் பொருந்தும் என்பது கண்ணில் உள்ள கோளாறைப் பொறுத்தது. அழுக்குப் படிந்த கார் கண்ணாடியில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் எப்படிச் சிதறுமோ, அப்படித்தான் புரை விழுந்த லென்ஸில் வெள்ளைத் திரையின் வெளிச்சம் சிதறும். அப்படிக் கூசுகிறவர்களுக்குக் கறுப்புப் பின்னணி ஆறுதல். ஆனால் திரை இருண்டால் கண்ணின் பாப்பா விரியும். விரிந்தால் கூர்மை குறையும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்து பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்வது போலத் தெரியும். உங்கள் அப்பாவின் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருப்பவருக்கு எது வெல்லும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

அதனால் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, இரண்டு மோடிலும் படிக்கச் சொல்லுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கறுப்புத் திரையில் ஜன்னலும் அவர் முகமும்தான் தெரியும், எழுத்து அதற்குள் ஒளிந்துவிடும். பலருக்குப் பகலில் வெளிர் திரையும் இரவில் இருண்ட திரையும் சரிவரும். Dark mode settings உள்ளே நேரம் குறித்து வைத்தால் அதுவே மாறிக்கொள்ளும். வெளிர் திரை கூசுகிறது என்றால் நேரே டார்க் மோடுக்குப் போகாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பேங்க் ஆப் பிரச்சினைக்கு வருவோம். Display பக்கத்தில் Screen zoom என்று இன்னொன்று இருக்கிறது. அது எழுத்தை மட்டுமில்லாமல் பட்டன், ஐகான் எல்லாவற்றையும் பெரிதாக்கும். அதையும் எழுத்து அளவையும் சேர்த்து உச்சத்தில் வைத்தால் சில ஆப்களில் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே தள்ளப்படும். முதலில் Screen zoom அளவைக் குறையுங்கள், அப்போதும் பட்டன் வராவிட்டால் எழுத்தை ஒரு படி இறக்குங்கள். அந்த ஆப்பைப் பார்க்க மட்டும் Magnification வைத்துக்கொள்ளலாம், அதுவும் Vision enhancements உள்ளேதான் இருக்கிறது. தேவையானபோது திரையை விரித்துக் காட்டும், இரண்டு விரலால் இழுத்தால் மறைந்த பகுதி வரும். இதற்கு மூன்று முறை தட்டும் வழியை வைக்காதீர்கள். போன் ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த தட்டல் வருமா என்று காத்திருப்பதால் எல்லாமே தாமதமாகும். தெரியாமல் மூன்று முறை தட்டிவிட்டால் திரை திடீரென்று பெரிதாகிவிடும், போன் கெட்டுப்போச்சு என்று அவர் பயப்படுவார். பட்டன் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டனைத் திரும்ப அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும், அதை மட்டும் அவருக்குப் பழக்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் போனால் சரிசெய்ய முயலாதீர்கள். நேரான வரி வளைந்து தெரிகிறது, சொல்லின் நடு எழுத்து மட்டும் காணவில்லை, அல்லது ஒரு கண் திடீரென்று மங்கிவிட்டது என்று சொன்னால், ஆபரேஷன் தேதி வரை காத்திருக்காமல் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொன்னால் இது தெரியவரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த அமைப்புகள் எல்லாம் மாறும். கூச்சம் குறையும், நிறம் பளிச்சென்று தெரியும், டார்க் மோடு தேவைப்படாமலும் போகலாம். உள்ளே வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்குப் பொருத்தியதாக இருப்பதால், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். அந்தக் கண்ணாடி கைக்கு வரும் வரை பெரிய எழுத்தையே விட்டுவைத்து, வந்த பிறகு மெசேஜைப் படிக்கச் சொல்லும் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.