வாசல் பல்புக்கு நேரம் வைக்கும்போது

கேள்வி: பாளையங்கோட்டையில் அம்மா தனியாக இருக்கிறார். வாசல் ஸ்மார்ட் பல்பு தினமும் தானாக எரிய ஆப்பில் நேரம் வைத்தேன். சில நாள் எரிவதில்லை, ஏன்?

பெரும்பாலும் சுவர் சுவிட்ச்தான் காரணம். விடிந்ததும் அம்மா பழக்கத்தில் அணைத்திருப்பார். கரண்ட் இல்லாத பல்புக்குக் கட்டளை போகாது. ஆப்பில் Offline என்று காட்டும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் அணைப்பார், சுவிட்ச் மேல் டேப் ஒட்டிய பிறகுதான் சரியானது.

சுவிட்ச் போட்டே இருந்தால், மாலை கரண்ட் போயிருக்கலாம். 6 மணிக்கு எரிய வைத்திருக்கிறீர்கள், 5:50க்குப் போன கரண்ட் 6:20க்கு வருகிறது என்றால் அன்றைய 6 மணிக் கட்டளை தவறிவிடும். பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்த பல்பு அணைந்தே கிடக்கும். அதனால் Schedule பகுதியில் 6:30, 7:00 என்று இன்னும் இரண்டு On சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே எரிகிற பல்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.