20 பைசா என்றார்கள், பில் 27 பைசாவுக்கு வருகிறது: ஒரே ரேட் ஷீட், இரண்டு கணக்கு

கேள்வி: சார், வேலூர் சத்துவாச்சாரியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். நோயாளிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 10,000 வரை 30 பைசா, 25,000 வரை 25 பைசா, அதற்கு மேல் 20 பைசா என்று ஷீட் கொடுத்தார்கள். போன மாதம் 26,000 போயிருக்கிறது. 20 பைசா கணக்கில் 5,200 ரூபாய்தானே வர வேண்டும்? 6,950 பில் போட்டிருக்கிறார்கள். ஆற்காட்டில் லேப் வைத்திருக்கும் என் நண்பர் வேறு கம்பெனியில் இதே ரேட்டில் இதே அளவுக்கு 5,200தான் கட்டுகிறார். என்னை ஏமாற்றுகிறார்களா? கம்பெனியை மாற்றிவிடட்டுமா?

பதில்: ஏமாற்றவில்லை, கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அது தப்புதான்.

நேதாஜி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கப் போகிறீர்கள். ஒரு கிலோ 40, பத்து கிலோவுக்கு மேல் எடுத்தால் 32 என்கிறார் கடைக்காரர். நீங்கள் பன்னிரண்டு கிலோ எடுத்தால் பன்னிரண்டுக்கும் 32தான், முதல் பத்து கிலோவுக்கு 40 போட்டு மீதி இரண்டுக்கு மட்டும் 32 போட்டால் அந்தக் கடைக்கு யாரும் மறுபடி போக மாட்டார்கள். எந்தப் படியில் போய் நிற்கிறோமோ அந்த விலை முழுச் சரக்குக்கும். இதைத்தான் பில்லிங் தொழிலில் வால்யூம் விலை என்கிறார்கள். உங்கள் நண்பருக்கு நடப்பது இது. ஷீட்டைப் பார்த்ததும் நீங்கள் மனதில் போட்ட கணக்கும் இதுதான், அதில் ஆச்சரியமே இல்லை, நம் எல்லோருக்கும் மார்க்கெட் பழக்கம் அப்படி.

உங்களுக்கு நடப்பது கரண்ட் பில் கணக்கு. ஒவ்வொரு படியிலும் எத்தனை யூனிட் விழுகிறதோ அதற்கு மட்டும் அந்தப் படியின் விலை, அப்புறம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இது கிராஜுவேட்டட் விலை. உங்கள் பில்லைப் பிரித்தால் முதல் 10,000 மெசேஜுக்கு 30 பைசா வீதம் 3,000 ரூபாய், அடுத்த 15,000க்கு 25 பைசா வீதம் 3,750, கடைசி 1,000க்கு மட்டும் 20 பைசா வீதம் 200. மொத்தம் 6,950. அந்த 20 பைசா உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் ஆயிரம் மெசேஜுக்கு மட்டும்.

ஒரே ஷீட்டை இரண்டு விதமாகப் படிக்க முடிவதால்தான் இவ்வளவு குழப்பமும். பில் போடும் மென்பொருளில் இது ஒரே ஒரு செட்டிங். ஸ்ட்ரைப் மாதிரி சேவையில் `tiers_mode` என்று ஓர் இடம் இருக்கும், அதில் `graduated` அல்லது `volume` என்று போட வேண்டும், படிகளும் விலைகளும் அப்படியே இருக்க மொத்தம் மட்டும் மாறிவிடும். விற்க வருகிற பையன் வால்யூம் என்று நினைத்துப் பேசியிருப்பான், உள்ளே பில் போடுகிறவர் கிராஜுவேட்டட் என்று வைத்திருப்பார். இப்படி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் பில் எந்த வகை என்று கண்டுபிடிக்க, ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 6,950ஐ 26,000ஆல் வகுத்தால் 26.7 பைசா. ஷீட்டில் 26.7 என்று ஒரு விலையே கிடையாது, அப்படியானால் அது பல படிகளைக் கலந்து வந்த சராசரி, கிராஜுவேட்டட். 10,000ஐத் தாண்டிய மாதத்தில் வகுத்தால் ஷீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு விலை அச்சாக வந்தால் வால்யூம். புதுக் கம்பெனியிடம் பேசும்போது "உங்களுடையது எந்த முறை" என்று கேட்க வேண்டாம், பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது. "25,001 மெசேஜ் போனால் மொத்த பில் எவ்வளவு?" என்று கேளுங்கள். 6,750 ரூபாய் 20 பைசா என்றால் கிராஜுவேட்டட். 5,000 ரூபாய் 20 பைசா என்றால் வால்யூம். அந்தப் பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கம்பெனி மாற்றுவதா? விலை இறங்கிக்கொண்டே போகும் ஷீட் என்றால் வாங்குகிறவருக்கு வால்யூம் முறை ஒருபோதும் கூடுதலாக வராது. ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்பது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 25,000ஐத் தாண்டிவிட்டால் அது எப்போதும் 1,750 ரூபாய்தான், 26,000 அனுப்பினாலும் 60,000 அனுப்பினாலும் அதே 1,750. ஏனென்றால் கூடுதலாகக் கொடுப்பது முதல் இரண்டு படிகளுக்கு மட்டும்: 10,000க்குப் பத்துப் பைசா, 15,000க்கு ஐந்து பைசா. அதுவே 10,000க்கும் 25,000க்கும் நடுவில் நின்றால் வித்தியாசம் வெறும் 500 ரூபாய். நீங்கள் அனுப்பிய ஆறு மாதக் கணக்கில் நான்கு மாதம் 21,000க்கும் 24,000க்கும் நடுவில்தான் இருக்கிறீர்கள். அந்த மாதங்களில் நண்பரின் கம்பெனியில் இருந்திருந்தால் 500 ரூபாய்தான் மிச்சம்.

இதோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணிக்கடைக்காரர் என்றால் கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். பரிசோதனைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் உங்களால் அப்படிக் கழிக்க முடியாது, அது முழுக்கச் செலவுதான். ஆக 500 என்பது உங்களுக்கு 590, 1,750 என்பது 2,065.

நண்பரின் வால்யூம் முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் ஒரு மாதம் 24,000 அனுப்பினால் 25 பைசா வீதம் 6,000 ரூபாய். அடுத்த மாதம் 26,000 அனுப்பினால் 5,200. கூட அனுப்பினார், குறைவாகக் கட்டினார்! 20,000க்கு மேல் 25,000 வரை எந்த எண்ணிக்கையில் நின்றாலும், 25,001 அனுப்புகிறவரைவிட அவர் அதிகம் கட்டுகிறார். உங்கள் நான்கு மாதங்களும் சரியாக இந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகின்றன. அதனால் வால்யூம் கம்பெனிக்கு மாறினால் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த மாதத்து பில்லும் அடுத்த படியின் ஆரம்பத் தொகையைத் தாண்டக் கூடாது. இதொன்றும் புதுசு இல்லை, வருமான வரியில் புதிய முறையில் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகாமல் பார்த்துக்கொள்கிறார்களே, அதே யோசனைதான்.

இதற்கு நேர் எதிரான பள்ளம் நம் வீட்டிலேயே இருக்கிறது. கரண்ட் பில் கிராஜுவேட்டட் என்றேன், ஆனால் 500 யூனிட்டில் மட்டும் அது அப்படி நடப்பதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். மீதி 225 எங்கிருந்து வந்தது? 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை விலை போய் 4.50 ஆகிவிடுகிறது, ஏற்கெனவே ஓடி முடிந்த நூறு யூனிட்டின் விலை பின்னாலிருந்து மாறுகிறது. மே மாதம் வேலூர் வெயிலில் ஏசி ஓடும் வீடுகளில் "பத்து யூனிட் கூடினதுக்கு இவ்வளவா" என்று மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு இதுதான் காரணம். விலை ஏறிக்கொண்டே போகும் இடத்தில் முழு அளவுக்கும் விலை மாற்றினால் அடி நம் மேல், இறங்கிக்கொண்டே போகும் இடத்தில் லாபம் நமக்கு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அனுப்பிய விவரத்தில் "26,000" என்பது மெசேஜ் எண்ணிக்கை இல்லை, யூனிட் எண்ணிக்கை. ஆங்கில எஸ்எம்எஸ் 160 எழுத்து வரை ஒரு யூனிட். தமிழ் என்றால் 70 வரைதான், அதைத் தாண்டினால் இரண்டு யூனிட். இதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும், "வேலூர்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அவர்கள் கணக்கில் ஆறு. உங்கள் மெசேஜ் இது: "உங்கள் பரிசோதனை முடிவு தயார். மாலை 5 மணிக்கு மேல் பெற்றுக்கொள்ளவும்." எண்ணிப் பார்த்தேன், இதுவே 68. பின்னால் லேப் பெயர் ஒட்டியதும் 70ஐத் தாண்டி ஒவ்வொன்றும் இரண்டாகிவிடுகிறது. போன மாதம் இது மட்டும் 9,000 பேருக்குப் போய் 18,000 யூனிட்டாக ஏறியிருக்கிறது.

"பெற்றுக்கொள்ளவும்" என்பதை "வரலாம்" என்று மாற்றினால் பதினொன்று குறைந்து 57 ஆகும், உங்கள் லேப் பெயர் உள்ளே அடங்கிவிடும். அந்த 18,000 பாதியாகி மொத்தம் 17,000 யூனிட்டில் நிற்கும். இப்போதிருக்கும் கம்பெனியிலேயே, இதே கிராஜுவேட்டட் கணக்கில், பில் 4,750. குறைவது 2,200 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,596. கம்பெனி மாறினால் கிடைப்பதைவிட இது அதிகம். புது வாசகத்துக்கு, வணிக எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், அதை இந்த வாரமே போட்டுவிடுங்கள், அனுமதி வரும்வரை பழையதே போகட்டும். அதற்கு அடுத்த மாத பில் வந்ததும் எண்ணிக்கையைப் பாருங்கள், 17,000 பக்கத்தில் இருந்தால் நண்பரின் கம்பெனியோடு வித்தியாசம் 500தான், அதைக் காட்டி இவர்களிடமே ஐந்நூறு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.