ஒரே வியாழன், இரண்டு நேர்காணல்

வணக்கம் சார்,

வரும் வியாழன் காலை 11 மணிக்கு ஒரு நிறுவனத்தில் எனக்கு இரண்டாம் சுற்று. மூன்று பேர் அமர்ந்து கேட்கிறார்கள், ஒன்றரை மணி நேரம். போன வாரமே சரி என்று சொல்லிவிட்டேன். இன்று இன்னொரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். அதே நாள் 11.30க்கு அரை மணி நேர வீடியோ அழைப்பு அனுப்பினார். பதற்றத்தில் அதற்கும் சம்மதம் கொடுத்துவிட்டேன். எனக்கு அதிகம் பிடித்தது இரண்டாவது வேலைதான். முதல் நிறுவனத்திடம் காய்ச்சல் என்று எழுதித் தள்ளிவைக்கலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அவசரம் என்பதால் உங்களுக்கு நேற்றிரவே தனியாக எழுதிவிட்டேன். இதே கேள்வி மற்றவர்களுக்கும் வரும் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

எது பிடித்த வேலை என்பதை வைத்து எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யாதீர்கள். எதைத் தள்ளினால் குறைவான பேருக்குத் தொந்தரவு என்று பாருங்கள். முதல் நிறுவனத்தில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்றரை மணி நேரம் காலியாக இருக்கும் இடத்தை ஒருவர் தேடிப் பிடித்திருக்கிறார். அதைக் கலைத்தால் அடுத்த பொது நேரம் ஒரு வாரம் கழித்துக்கூட அமையலாம். அதற்குள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் முறை வரவே வராது. இரண்டாவதில் இருப்பது ஒரே ஒரு ஹெச்.ஆர்., அரை மணி நேரம். அவருக்கு நேரம் மாற்றுவது தினமும் செய்கிற வேலை. ஆகவே தள்ள வேண்டியது உங்களுக்குப் பிடித்ததைத்தான். கேட்கும் விதத்தில் கேட்டால் அங்கே உங்கள் பெயர் கெடாது.

காய்ச்சல் வேண்டாம். ஆள் எடுக்கும் குழுவில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று எழுதிய ஒருவர், மறுநாள் பேசும்போது "நேற்று இன்னொரு இண்டர்வியூ நல்லாப் போச்சு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். இன்னொரு நேர்காணலுக்குப் போனது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பொய்தான் உறுத்தியது. அதே சமயம் எந்த நிறுவனம், என்ன சம்பளம் என்றெல்லாம் விளக்கவும் தேவையில்லை. "ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு சந்திப்பு" என்றால் போதும், அது உண்மையும்கூட. அவராகவே கேட்டால் மட்டும் நேர்காணல் என்று சொல்லிவிடுங்கள்.

காலண்டரில் 'Decline' பொத்தானை முதலில் அழுத்திவிடாதீர்கள். மறுத்த தகவல் மட்டும் தனியாகப் போய்ச் சேரும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. மின்னஞ்சல்தான் முன்னே போக வேண்டும். அதையும் புதிதாக எழுதாமல், அவர் அனுப்பிய மடலுக்கே பதிலாக எழுதுங்கள். நகலில் யாராவது இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், ஆனால் சொல்லும் வரிசை இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். வியாழன் 14ஆம் தேதி 11.30 மணி அழைப்புக்கு நன்றி. அவசரத்தில் சம்மதம் தந்துவிட்டேன். அதே நேரத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு சந்திப்பு இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். மன்னிக்கவும். அன்றே மாலை 3 முதல் 6 வரை, அல்லது வெள்ளி 15ஆம் தேதி காலை 10 முதல் 1 வரை மாற்றித் தர இயலுமா? இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. இந்த நேரங்கள் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு வசதியானதைச் சொல்லுங்கள், முடிந்தவரை அமைத்துக்கொள்கிறேன்."

மன்னிப்பு ஒரே ஒரு தடவைதான். மூன்று பத்தி வருத்தம் தெரிவித்து, எந்தத் தேதி வேண்டும் என்பதைக் கடைசி வரியில் ஒளித்துவைத்த மடல்களை நான் படித்திருக்கிறேன், பாவமாக இருக்கும். "எந்த நேரமும் சரி" என்றும் எழுதாதீர்கள். அவர் ஒரு நேரம் சொல்லி, நீங்கள் அதையும் மறுத்தால், அப்போதுதான் உண்மையில் எரிச்சல் வரும். மேலே மூன்று மணி நேர இடைவெளியாகக் கொடுத்ததற்குக் காரணம், அதற்குள் அவரால் அரை மணி நேரத்தை எங்கேயாவது நுழைக்க முடியும். வியாழன் மாலை 3 மணி என்று போட்டதும் யோசித்துத்தான்: 11 மணி நேர்காணல் ஒரு மணி வரை இழுத்தாலும் சாப்பிட்டு மூச்சுவிட நேரம் இருக்கும்.

இதை இன்றே அனுப்பிவிடுங்கள். செவ்வாய் மதியம் வரை பதில் இல்லை என்றால் ஒரு போன் போட்டு, "மெயில் அனுப்பியிருக்கிறேன், பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நேரம் மாறிவிட்டது என்று நாமே நினைத்துக்கொண்டு 11.30க்கு வராமல் போவதுதான் இதில் நடக்கிற பெரிய விபத்து. புதிய அழைப்பு வந்து அதை ஏற்கும்வரை பழையது உயிரோடுதான் இருக்கிறது.

ஒருவேளை "முடியாது, வியாழன் 11.30 மட்டும்தான்" என்று பதில் வந்தால், அப்போது பிடித்த வேலை எது என்ற கேள்வியை எடுங்கள். முதல் நிறுவனத்துக்கும் இதே மாதிரி ஒரு மடல் எழுதலாம், ஆனால் அங்கே குறைந்தது ஒரு முழு வேலை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதனால்தான் செவ்வாய்க்கிழமையே இதை முடிக்கச் சொல்கிறேன்.