சேலைப் பக்கத்தைக் கைமாற்றும்போது என்ன விலை கேட்பது?

கேள்வி: மூணு வருஷமா இன்ஸ்டாகிராம்ல சேலை விக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்க முடியல. மூடிடலாமா, வித்துடலாமா? என்ன விலை கேட்கலாம்?

பதில்: மூடாதீங்க, விற்கப் பாருங்க. நானும் போன வருஷம் இதேபோல் ஒரு சேலை வியாபாரத்தைக் கைமாற்றினேன்.

பின்தொடர்பவர்கள் எண்ணிக்கையை வைத்து விலை சொல்லாதீர்கள். கணக்கை விற்கவோ மாற்றித் தரவோ இன்ஸ்டாகிராம் விதிகளில் இடமில்லை. பக்கம் முடங்கினால் வாங்கியவர் உங்களைத்தான் கேட்பார். கையில் மிஞ்சும் பணத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு மாதம் 1,50,000 விற்பனை. சரக்கு 1,05,000, கூரியரும் பேக்கிங்கும் 12,000, விளம்பரம் 8,000 போக 25,000 நிற்கும். அதிலும் பதில் சொல்லி, மடித்துக் கட்டி அனுப்பிய என் உழைப்புக்கு ஆள் வைத்தால் 12,000 ஆகும். ஆக உண்மையான லாபம் 13,000தான். ஒரு வருஷ லாபத்தை ஒட்டி 1,50,000 கேட்டேன். இருப்புச் சரக்கு தனி: ஓடுவது கொள்முதல் விலைக்கு, ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பது பாதி விலைக்கு.

வாடிக்கையாளர் பட்டியலில்தான் நான் தவறு செய்தேன். பெயரும் எண்ணும் இருந்த எக்செல் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டேன். மறுநாளே ஒரு அக்கா கூப்பிட்டார். "யாரோ போன் பண்றாங்கம்மா, என் நம்பர் அவங்களுக்கு எப்படிப் போச்சு?" அவர் என்னை நம்பித் தந்த எண் அது. அன்றே கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு, என் வாட்ஸ்அப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன்: "இனி இவர் நடத்துகிறார், விருப்பமிருந்தால் இந்தப் புது எண்ணுக்கு ஒரு வணக்கம் அனுப்புங்கள்." 640 பேரில் 210 பேர் போனார்கள். திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில் இருந்தார்கள். நீங்கள் முதலிலேயே இப்படிச் செய்யுங்கள்.

சப்ளையர் எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. இளம்பிள்ளையில் எனக்குச் சரக்கு தந்தவர் 15 நாள் கடன் கொடுத்தது என் முகத்துக்காக. பழைய பாக்கியை முடித்துவிட்டு, வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். "அண்ணே, இனி இவங்கதான். முதல் ரெண்டு லோடு ரொக்கம், அப்புறம் நீங்க பாத்துச் செய்ங்க" என்றேன். நூல் இழுத்த சேலையைத் திருப்பி எடுப்பாரா, எத்தனை நாளுக்குள் என்பதையும் அவர் எதிரிலேயே பேசிக்கொண்டோம்.

ஜிஎஸ்டி எண்ணும் பணம் வாங்கும் கேட்வே கணக்கும் உங்கள் பான் கார்டோடு கட்டியவை, அவற்றைத் தர முடியாது. அவர் புதிதாக எடுக்க வேண்டும். உங்கள் ஜிஎஸ்டி பதிவை REG-16 படிவத்தில் ரத்து செய்து, ரத்தானதும் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னான GSTR-10 போடுங்கள். விளம்பரக் கணக்கில் உங்கள் கார்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்வேயை மட்டும் கடைசி ரீஃபண்ட் முடியும்வரை மூடாதீர்கள்.

பணத்தில் ஒரு லட்சத்தை முதலிலும், மீதியை இரண்டாவது லோடு வந்த பிறகும் வாங்கினேன். அதுவரை சந்தேகம் கேட்டால் சொல்வேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தேன்.