முதலாண்டுக்கு உப்பு–நீர்ச் சமநிலைக் கையேடு: கேள்வி பதில்

சேலத்தில் செவிலியர் மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும் ஆசிரியை பதிலளிக்கிறார்.

கையேட்டின் முதல் பக்கத்தில் இயல்பு அளவுகளின் அட்டவணையை வைக்கலாமா, மேடம்? (ஓமலூர் மாணவர்)

வேண்டாம், தம்பி. மூன்று பெட்டிகள் மட்டும் வரையுங்கள். 60 கிலோ ஆணின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர்: செல்களுக்குள் 24, செல்களுக்கு இடையே 9, ரத்தத்தில் பிளாஸ்மாவாக 3. அதன் கீழே, ஏற்றிய திரவம் எந்தப் பெட்டிக்குப் போகும் என்ற கேள்வியை எழுதுங்கள்.

ஒரு லிட்டர் நார்மல் சலைன் ஏற்றினால், செல் சவ்விலுள்ள பம்பு சோடியத்தை உள்ளே தங்கவிடாது. நீரும் அதனுடன் வெளியிலேயே நிற்கும். ரத்தத்தில் தங்குவது கால் லிட்டர்தான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் குளுக்கோஸ் செலவானதும் வெறும் நீரே மிஞ்சி மூன்று பெட்டிகளிலும் பரவும்; ரத்தத்தில் 80 மில்லி தங்கினாலே அதிகம். இந்த இரண்டு படங்களையும் பார்க்காமல் வரையத் தெரிந்த பிறகு அட்டவணை வரட்டும்.

சோடியம் குறைந்தால் உடலில் உப்புக் குறைவு என்று எழுதினால் போதும்தானே? (ஏற்காடு மாணவி)

பாதிதான் சரி, கண்ணு. மே மாதத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் உலை அருகே வேலை செய்பவரை நினைத்துக்கொள். நாள் முழுக்க வியர்வை. குடித்தது வெறும் தண்ணீர். மாலையில் தலைவலி, குழப்பம், சோடியம் 124. வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அது மட்டும் போயிருந்தால் சோடியம் ஏறியிருக்கும். ரத்த அளவு குறைந்ததால், நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான ஏ.டி.எச். சுரந்து, குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றாமல் வைத்துக்கொண்டது. அதுதான் சோடியத்தை இறக்கியது.

பக்கத்துக் கட்டிலில் கால் வீங்கிய இதய நோயாளி. அவருக்கும் 124. அவர் உடலில் உப்பு இயல்பைவிட அதிகம். நீர் அதையும் மிஞ்சியிருக்கிறது. எண் ஒன்றே, நிலை நேரெதிர். அதனால் கையேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு தனி வரிகள் வேண்டும். நாக்கு வறட்சி, எழுந்து நின்றால் இறங்கும் ரத்த அழுத்தம், அழுத்தினால் குழி விழும் வீக்கம் ஆகியவை உப்பின் மொத்த அளவைச் சொல்லும். சோடியம் எண் நீரின் விகிதத்தைச் சொல்லும்.

வார்டில் சோடியம் குறைந்தால் சலைன் போடுகிறோம், சரியாகிறது. மாணவர்களை ஏன் குழப்புகிறீர்கள்? (ஆத்தூர் செவிலியர்)

பட்டறைக்காரருக்குச் சரியாகும், சிஸ்டர். நுரையீரல் புற்றுநோயால் ஏ.டி.எச். ஓயாமல் சுரப்பவருக்கு அதே சலைன் சோடியத்தை இன்னும் இறக்கக்கூடும்: சிறுநீரகம் உப்பை வெளியேற்றி நீரை வைத்துக்கொள்ளும்.

அது மூன்றாம் ஆண்டுப் பாடம் அல்லவா? (அதே செவிலியர்)

உங்கள் தயக்கம் நியாயமானது. என் சக ஆசிரியர்களும் அதையே சொல்கிறார்கள். நான் கடைசிப் பக்கத்தில் வைக்கிறேன்.

என் பாட்டிக்கு இரவில் கால் பிடித்து இழுக்கிறது. பொட்டாசியம் குறைவா?

மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இயல்பு அளவுகளை மனப்பாடம் செய்ய ஒரு குறுக்குவழி சொல்லுங்கள், மேடம்.

மறுபடியும் அட்டவணையா? பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். வெளியே சோடியம் 135–145, பொட்டாசியம் 3.5–5. செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140. பொட்டாசியத்தின் அருகே சிவப்பு மையில் ஒரு வரி: நீர்க்காமல் ரத்தக் குழாயில் நேரடியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.