கட்டுரையை விவாத உரையாக்குதல்

“மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளம் பற்றிய அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமின் ஆய்வைப் பேச்சாக்கினேன், சுருக்கம் போலவே ஒலிக்கிறது.”

முடிவை முதல் வாக்கியமாக்குங்கள்: “மேய்ச்சல் நிலத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்க முடியும்.” ஆய்வின் வரிசையையே நீங்கள் பின்பற்றியிருக்கக்கூடும், அங்கே முடிவு இறுதியில்தான் வரும்.

சான்று ஒன்றே போதும். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தீவனமிட்டுக் காக்க இயலும் எண்ணிக்கைக்கு மேல் மாடுகளை எவரும் மலைமேய்ச்சலுக்கு அனுப்பக்கூடாது என்று 1517-லேயே விதி இருந்தது. இந்தச் சான்றை நீக்கிப் படித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் வலுவிழக்கவில்லையெனில் சான்று வெறும் அலங்காரமே.

“சிற்றூர் விதி பெருங்கடலுக்குப் பொருந்துமா?” என்ற மறுப்பு நிச்சயம் எழும். நீங்களே அதை முன்னெடுத்து, எல்லையும் உறுப்பினரும் தெளிவாக உள்ள வளங்களுக்காக மட்டுமே வாதிடுவதாகக் கூறுங்கள்.

ஆஸ்ட்ரம் தோல்வியுற்ற சமூகங்களையும் ஆராய்ந்தவர். ஆகவே “எப்போதும்” என்ற சொல்லை அவர்மேல் ஏற்றாதீர்கள்.