சி.பி.ஐ.எம். தேர்வு: மதிப்பெண் எங்கே நழுவுகிறது, பதினாறு வாரத்தில் எப்படித் தயாராவது

பொறியியலோ பி.காமோ முடித்துவிட்டு, ஒரு ஆலையின் ஸ்டோர்ஸிலோ பிளானிங்கிலோ ஓரிரு வருடம் வேலை பார்த்தவர்கள் சப்ளை செயின் சான்றிதழ் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது ஏ.எஸ்.சி.எம். அமைப்பின் இரண்டு தேர்வுகள். ஏ.எஸ்.சி.எம். என்பது முன்பு ஏ.பி.ஐ.சி.எஸ். என்று அறியப்பட்ட அமெரிக்க அமைப்புதான். சி.எஸ்.சி.பி. என்பது சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை முழுச் சங்கிலியைப் பற்றியது. சி.பி.ஐ.எம். என்பது ஆலைக்குள் திட்டமிடல், இருப்பு, உற்பத்தி அட்டவணை பற்றியது. எந்தப் பொருள் எப்போது, எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் எம்.ஆர்.பி. ஓட்டுகிற, இருப்பைப் பார்க்கிற வேலையில் இருப்பவருக்கு சி.பி.ஐ.எம். முதலில் எழுதுவதே பொருத்தம். இங்கே பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

தேர்வில் 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. 150-இல் 20 கேள்விகள் சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை என்று உங்களுக்குத் தெரியாது. மதிப்பெண் 200 முதல் 350 வரையிலான அளவில் வரும், 300 எடுத்தால் தேர்ச்சி. முன்பு இது பகுதி 1, பகுதி 2 என இரண்டு தேர்வுகளாக இருந்தது, இப்போதைய 8.0 பதிப்பில் ஒரே தேர்வு. பழைய புத்தகக் கடையிலோ சீனியரிடமோ 'பகுதி 1' என்று அச்சிட்ட புத்தகம் கிடைத்தால் கணக்குப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பாடத்திட்டத்துக்கு அதை நம்பாதீர்கள்.

நன்றாகப் படித்தவர்களும் 290-ஐ ஒட்டி நின்றுவிடுவது ஏன் என்பதுதான் முக்கியமான விஷயம். இந்தத் தேர்வில் தவறான விடைகள் ஏனோதானோவென்று எழுதப்படுவதில்லை. ஒரு மாணவர் எந்தெந்தப் படியில் தடுக்கி விழுவார் என்று யோசித்து, அப்படி விழுந்தால் வரும் எண்ணையே விடையாக வைப்பார்கள். அதனால் உங்கள் கணக்கில் வந்த எண் விடைகளில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஒரு எம்.ஆர்.பி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு உதிரிபாகம் கையிருப்பில் 120 உள்ளது. சேஃப்டி ஸ்டாக் 20. ஒரு ஆர்டர் என்றால் 100 தான், லாட் சைஸ் மாறாது. லீட் டைம் 2 வாரம். ஏற்கெனவே போட்ட ஆர்டர் ஒன்றில் 2-ஆம் வாரம் 100 வரவிருக்கிறது. ஐந்து வாரத் தேவை முறையே 50, 40, 60, 70, 30. அடுத்த ஆர்டரை எந்த வாரம், எவ்வளவுக்கு வெளியிட வேண்டும்?

| வாரம் | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| மொத்தத் தேவை | 50 | 40 | 60 | 70 | 30 |
| வரவிருக்கும் பழைய ஆர்டர் | – | 100 | – | – | – |
| புதிய ஆர்டர் வரவு | – | – | – | 100 | – |
| வார முடிவில் இருப்பு | 70 | 130 | 70 | 100 | 70 |
| ஆர்டர் வெளியீடு | – | 100 | – | – | – |

3-ஆம் வார முடிவில் 70 இருக்கிறது. 4-ஆம் வாரத் தேவையும் 70. கழித்தால் பூஜ்யம், ஆனால் சேஃப்டி ஸ்டாக் 20 குறையக் கூடாது. ஆகவே நிகரத் தேவை 20, லாட் சைஸ் காரணமாக வரவேண்டியது 100. அது 4-ஆம் வாரம் வர வேண்டுமானால் 2-ஆம் வாரம் வெளியிட வேண்டும். விடை: 2-ஆம் வாரம், 100.

இப்போது மற்ற மூன்று விடைகள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். '3-ஆம் வாரம், 100' என்பது சேஃப்டி ஸ்டாக்கை மறந்தவருக்கு. பூஜ்யம் வந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, 5-ஆம் வாரப் பற்றாக்குறைக்கு ஆர்டர் போட்டிருப்பார். '2-ஆம் வாரம், 20' என்பது லாட் சைஸை மறந்தவருக்கு. '4-ஆம் வாரம், 100' என்பது பொருள் வரும் வாரத்தையும் ஆர்டர் வெளியிடும் வாரத்தையும் ஒன்றாக நினைத்தவருக்கு. இதிலேயே இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தப் பாகத்துக்கு அடியில் இருக்கும் உட்பாகத்தின் தேவை எந்த வாரத்தில் விழும் என்று கேட்டால், விடை ஆர்டர் வெளியிடும் 2-ஆம் வாரம்தான். பலர் 4 என்று எழுதுவார்கள்.

வாடிக்கையாளருக்கு எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்ற ஏ.டி.பி. கணக்கிலும் இதே குழப்பம். கையிருப்பு 40, 3-ஆம் வாரமும் 6-ஆம் வாரமும் 60 உற்பத்தி ஆகிறது. பதிவான ஆர்டர்கள் முதல் ஐந்து வாரத்துக்கு 15, 10, 35, 12, 5. முதல் வார ஏ.டி.பி. என்பது 40-லிருந்து, அடுத்த உற்பத்தி வருவதற்கு முன்னுள்ள இரண்டு வார ஆர்டர்களையும் கழித்தது: 40 − 25 = 15. 3-ஆம் வாரத்துக்கு 60 − (35 + 12 + 5) = 8. ஒரு வாரத்தை மட்டும் கழித்து 25 என்று வாக்குக் கொடுத்தவர் இரண்டாம் வார வாடிக்கையாளரின் சரக்கையே விற்றுவிட்டார் என்று பொருள். இன்னொரு தவறு, ஆர்டருக்குப் பதில் ஃபோர்காஸ்ட்டைக் கழிப்பது. ஏ.டி.பி.யில் பதிவான ஆர்டருக்கு மட்டும்தான் இடம்.

கணக்கு வராதவர்களைவிட, மட்டம் குழம்பி மதிப்பெண் விடுபவர்கள் அதிகம். திட்டமிடலின் ஒவ்வொரு படிக்கும் அதற்கென்று ஒரு திறன் சோதனை உண்டு. உற்பத்தித் திட்டத்துக்கு ரிசோர்ஸ் பிளானிங், மாஸ்டர் ஷெட்யூலுக்கு ரஃப்-கட், எம்.ஆர்.பி.க்கு ஒவ்வொரு பணிமையத்தின் சுமையையும் விரிவாகப் பார்க்கும் சி.ஆர்.பி., தளத்தில் வேலை ஓடும்போது இன்புட்-அவுட்புட் கட்டுப்பாடு. கேள்வியில் 'பொருள் குடும்பம்' என்று வந்தால் நீங்கள் மேல் படியில் இருக்கிறீர்கள். 'ரூட்டிங், வெளியிட்ட ஆர்டர்கள், பணிமையம்' என்று வந்தால் சி.ஆர்.பி. படியில். ரஃப்-கட் என்பது முக்கியமான, நெருக்கடியான பணிமையங்களை மட்டும் பார்க்கிற விரைவுச் சோதனை. இந்த நான்கு ஜோடிகளை ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சேஃப்டி ஸ்டாக்கில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். வாராந்திரத் தேவையின் திட்ட விலக்கம் 40, சேவை அளவு 95 சதவீதம் என்றால் காரணி 1.65, லீட் டைம் ஒரு வாரமாக இருந்தால் சேஃப்டி ஸ்டாக் 66. லீட் டைம் நான்கு வாரமானால் 264 என்று கை தானாக எழுதும். நான்கின் வர்க்கமூலம் 2 என்பதால் சரியான எண் 132. வாரத் தேவை 100 என்றால் மறு ஆர்டர் புள்ளி 400 + 132 = 532.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த அனுபவமே சில இடங்களில் எதிராக நிற்கும். சரக்கு தாமதமானால் சப்ளையரை போனில் விரட்டுவது ஆலையில் அன்றாட வழக்கம். ஆனால் கேள்வி 'முதலில் செய்ய வேண்டியது எது' என்று கேட்டால், தேர்வு எதிர்பார்ப்பது தேவைத் தேதி இன்னும் சரியானதா என்று பார்த்து, திட்டத்தைத் திருத்துவதை. 'முதலில்', 'மிகச் சிறந்த', 'மிகக் குறைவாக' போன்ற சொற்களைக் கேள்வியில் தேடிப் பழகுங்கள். சொற்களுக்கும் ஏ.எஸ்.சி.எம். அகராதியின் பொருளே செல்லும். உதாரணமாக, பிளான்டு ஆர்டரை கம்ப்யூட்டர் தானாக மாற்றும். ஃபர்ம் பிளான்டு ஆர்டரைத் தொடாது, திட்டமிடுபவர்தான் மாற்ற வேண்டும். ஷெட்யூல்டு ரிசிப்ட் என்பது ஏற்கெனவே வெளியிட்ட ஆர்டர். உங்கள் ஆலையின் மென்பொருளில் இவற்றுக்கு வேறு பெயர் இருக்கலாம், அதைத் தேர்வறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இனி நேரம். வாரம் 8 மணி நேரம் கிடைக்கும் என்றால் பதினாறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் படிக்கவே வேண்டாம். ஏ.எஸ்.சி.எம். வெளியிடும் தேர்வுக் கையேட்டை எடுத்து எட்டுப் பாடப் பிரிவுகளையும் அவற்றின் மதிப்பெண் பங்கையும் பாருங்கள், பிறகு ஒரு மாதிரித் தேர்வை எழுதுங்கள். மதிப்பெண் குறைவாகத்தான் வரும், எங்கே குறைகிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வணிக உத்தி, விற்பனையையும் உற்பத்தியையும் சேர்த்துத் திட்டமிடும் எஸ்.அண்ட்.ஓ.பி. ஆகிய முதல் இரு பிரிவுகள். அடுத்து தேவை, சப்ளை, இருப்பு, விரிவான அட்டவணை ஆகிய நான்குக்கும் தலா இரண்டு வாரம். கணக்கும் குழப்பமும் இங்கேதான் குவிந்திருக்கின்றன. விநியோகத்துக்கு ஒரு வாரம், தரம் மற்றும் தொழில்நுட்பத்துக்கு ஒரு வாரம். மீதி மூன்று வாரமும் முழு நீள மாதிரித் தேர்வுக்கு.

ஒவ்வொரு வாரமும் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் கேள்விகள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். விடையை எழுத வேண்டாம். தவறின் வகையை எழுதுங்கள்: வாரம் தவறியதா, மட்டம் தவறியதா, சொல்லின் பொருள் தவறியதா, ஆலைப் பழக்கத்தில் விடை சொன்னதா. நான்காம் வாரத்திலேயே உங்கள் பலவீனம் எந்த வகை என்று அந்த நோட்டு காட்டிவிடும். வாரம் தவறுபவர் தினமும் ஒரு எம்.ஆர்.பி. அட்டவணையைக் கையால் போட வேண்டும். மட்டம் தவறுபவர் மறுபடி கணக்குப் போட்டுப் பயனில்லை, கேள்வியை வாசித்ததும் விடையைப் பார்க்காமல் 'இது எந்தப் படி' என்று சொல்லிப் பழக வேண்டும்.

ஒரு கேள்விக்குச் சராசரியாக 84 நொடி. அட்டவணைக் கணக்கு மூன்று நிமிடம் தின்னும், வரையறைக் கேள்வி முப்பது நொடியில் முடியும். மாதிரித் தேர்வில் முதல் 50 கேள்வியை 70 நிமிடத்துக்குள் முடிக்கிறீர்களா என்று பாருங்கள். தாண்டினால் கணக்குகளைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வாருங்கள்.

பணம் கட்டப்போகும் பெற்றோருக்கு: கட்டணம் டாலரில், உறுப்பினருக்கு ஒரு விலை, மற்றவர்க்கு ஒரு விலை. தேர்வுக் கட்டணமும் படிப்புப் புத்தகத் தொகுப்பும் தனித்தனி. தேர்ச்சி பெற்ற சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் 75 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து இரண்டு முறை நல்ல மதிப்பெண் வந்த பிறகு தேதி பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம். தேர்வை நடத்தும் பியர்சன் வ்யூ மையத்தில், பதிவில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நம் ஊரில் மார்க்ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருக்கும். எந்த ஆவணத்தைத் தேர்வன்று கொண்டுபோகப் போகிறீர்களோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஏ.எஸ்.சி.எம். கணக்கைத் தொடங்கும் நாளிலேயே எழுத்தெழுத்தாகப் பதியுங்கள்.